அனலைசர் ரிசல்ட்டை சாம்பிள் எண் வழியாக நோயாளி பதிவில் சேர்ப்பது எப்படி: ஹோல்டோடு ஒரு முழுமையான வழிகாட்டி

நடுத்தர அளவிலான ஒரு மருத்துவமனை லேப்பை எடுத்துக்கொள்வோம். பயோகெமிஸ்ட்ரி அனலைசர் ஒன்று, செல் கவுண்டர் ஒன்று. டெக்னீஷியன் அனலைசர் திரையைப் பார்த்து ஒவ்வொரு எண்ணையும் மருத்துவமனை மென்பொருளில் தட்டுகிறார். அந்தத் தட்டச்சு வேலையை எடுத்துவிட்டு, ரிசல்ட் தானாகவே நோயாளி பதிவுக்குப் போகும்படி செய்ய வேண்டும்.

புதிதாக இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் கேபிளில் தொடங்குகிறார்கள். அனலைசரிலிருந்து முதல் எண் கணினியில் வந்து விழுந்ததும் பாதி வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். கடினமான கேள்விகள் இரண்டும் அதற்கு அப்பால்தான் இருக்கின்றன: இந்த எண் எந்த டியூபுக்கு உரியது? வார்டில் இருக்கும் டாக்டர் இதைப் பார்ப்பதற்கு முன் லேப்பில் யார் பார்த்தார்கள்? லேப்பில் ஒருவர் பார்த்து விடுவிக்கும்வரை ரிசல்ட்டை நிறுத்தி வைப்பதைத்தான் இங்கே ஹோல்டு என்கிறோம். கீழே உள்ள வரிசை இந்த இரண்டு கேள்விகளுக்காகவே அமைந்தது.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் அனலைசரின் ஹோஸ்ட் இன்டர்ஃபேஸ் கையேடு. இயக்குவதற்கான பயனர் கையேடு வேறு, இது வேறு. சர்வீஸ் இன்ஜினியரிடம் கேட்டு வாங்க வேண்டும். எந்த நெறிமுறையில் பேசும், சாம்பிள் எண் எத்தனை எழுத்து வரை ஏற்கும், ஒவ்வொரு டெஸ்டுக்கும் என்ன குறியீடு அனுப்பும் என்பதெல்லாம் இதில்தான் இருக்கும். மாடல் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் மென்பொருள் பதிப்பு மாறினால் இவையும் மாறலாம். அதனால் உங்கள் இயந்திரத்தில் ஓடும் பதிப்புக்கு உரிய கையேட்டையே கேளுங்கள்.

அடுத்து, ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் பேத்தாலஜிஸ்ட் அல்லது பயோகெமிஸ்ட். எந்த ரிசல்ட்டை நிறுத்துவது, எதை விடுவது என்ற விதிகள் அவருடையவை. நிரல் எழுதுபவர் தானாக ஓர் எல்லையை வைத்துவிட்டு "அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று போய்விட்டால், அந்த எல்லையே பல மாதங்களுக்கு நிலைத்துவிடுகிறது. விதிகளைத் தாளில் எழுதி, அவர் ஒப்புதல் வாங்கிய பிறகே நிரலில் சேருங்கள்.

மூன்றாவதாக, சோதனைக்கென ஒரு தனி செர்வரும், அதில் கற்பனை நோயாளிகளும். உண்மையான நோயாளி பதிவில் ஒத்திகை பார்க்காதீர்கள்.

## 2. சாம்பிள் எண்ணை முதலில் சரிசெய்யுங்கள்

பல லேப்களில் காலையில் 1, 2, 3 என்று எண்ணைத் தொடங்கி, மறுநாள் திரும்பவும் 1-லிருந்தே தொடங்குவார்கள். கையால் எழுதும்வரை இது ஓடும். நேரடி இணைப்பில் இதுதான் மிகப் பெரிய ஆபத்து. நேற்று மாலை செர்வர் நின்றிருந்தால், அனலைசர் தன்னிடம் தேங்கிய ரிசல்ட்டை இன்று காலை அனுப்பும். நேற்றைய 47 இன்றைய 47-இன் பதிவில் போய் உட்காரும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

எனவே எண் எக்காலத்திலும் திரும்ப வரக்கூடாது. ஒரு நாளில் 999 டியூபுக்கு மேல் வராத லேப்புக்கு இந்த அமைப்பு போதும்: தேதிக்கு 6 இலக்கம், வரிசை எண்ணுக்கு 3, கடைசியில் சரிபார்ப்பு இலக்கம் 1. 2025 ஜூன் 12 அன்று வந்த 47-ஆவது டியூப் `2506120472` ஆகும். கடைசியில் உள்ள 2, லூன் முறைப்படி முந்தைய ஒன்பது இலக்கங்களிலிருந்து கணக்கிட்டது. பார்கோடு கிழிந்து, டெக்னீஷியன் எண்ணைக் கையால் தட்டும்போது 4-ஐயும் 7-ஐயும் இடம் மாற்றி `2506120742` என்று தட்டிவிட்டார் என்று வையுங்கள். அந்த வரிசைக்குக் கடைசி இலக்கம் 6 வந்திருக்க வேண்டும். 2 இருப்பதால் பெறும் நிரல் உடனே பிடித்துவிடும்.

எண் நோயாளிக்கு அல்ல, டியூபுக்கு. ஒரே நோயாளியிடம் எடுத்த, ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ உள்ள ஊதா மூடி டியூபுக்கு ஒன்று, மஞ்சள் மூடி ஜெல் டியூபுக்கு வேறொன்று. எல்லா டியூபுக்கும் ஒரே எண் ஒட்டினால், எந்த டியூபில் கோளாறு என்று பின்னால் கண்டுபிடிக்கவே முடியாது.

லேபிளை டியூபின் நீளவாக்கில், சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும். பார்கோடின் இரு முனைகளிலும் வெள்ளை இடம் விட்டிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஸ்கேனருக்குக் கோடு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பார்கோடு படிக்காத டியூப்களே எண்ணைக் கையால் தட்ட வைக்கின்றன. கையால் தட்டுவது குறைந்தால் பின்னால் வரும் வேலையும் குறையும்.

## 3. வந்ததை அப்படியே சேமியுங்கள், பிறகு பதில் சொல்லுங்கள்

பயோகெமிஸ்ட்ரி அனலைசர்கள் பலவும் இன்றும் ஏஎஸ்டிஎம் நெறிமுறையில்தான் பேசுகின்றன. அனலைசர் `ENQ` அனுப்பும், நாம் `ACK` சொல்வோம், அது செய்தியைத் துண்டு துண்டாக அனுப்பும். ஒவ்வொரு துண்டுக்கும் நாம் `ACK` சொல்ல வேண்டும், கடைசியில் `EOT` வரும். உள்ளே இருக்கும் செய்தி இப்படி இருக்கும்:

```
H|\^&|||CHEM1|||||||P|1|20250612091422
P|1
O|1|2506120472||^^^K\^^^CA\^^^ALP|R
R|1|^^^K|7.9|mmol/L||H||F||||20250612091305
R|2|^^^CA|5.2|mg/dL||L||F||||20250612091310
R|3|^^^ALP|14|U/L||L||F||||20250612091318
L|1|N
```

`O` வரியின் மூன்றாவது புலம்தான் சாம்பிள் எண். `R` வரி ஒவ்வொன்றும் ஒரு டெஸ்ட்.

துண்டு கையில் வந்ததும் முதல் வேலை, அது வழியில் சிதைந்ததா என்று காட்டும் செக்சம் சரியா என்று பார்ப்பது. துண்டின் தொடக்கக் குறியான `STX`-க்கு அடுத்த எழுத்திலிருந்து முடிவுக் குறியான `ETX` அல்லது `ETB` வரை, அதையும் சேர்த்து, கூட்ட வேண்டும். `STX`-ஐயும் சேர்த்துக் கூட்டுவது வழக்கமாக நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் எல்லாத் துண்டும் பிழையாகவே தெரியும்.

```python
def checksum(body: bytes) -> str:
    return "%02X" % (sum(body) % 256)
```

சரியாக இருந்தால் துண்டை வந்தபடியே `raw_message` டேபிளில் எழுதி, எழுதி முடிந்த பிறகு `ACK` சொல்லுங்கள். இந்த வரிசை முக்கியம். முதலில் `ACK` சொல்லிவிட்டு, எழுதுவதற்குள் மின்சாரம் போனால், அனலைசர் ரிசல்ட் போய்ச் சேர்ந்ததாகக் குறித்துக்கொள்ளும். நம்மிடமோ எதுவும் இருக்காது.

இந்த இடத்திலேயே நோயாளியைத் தேடுவது, விதிகளைப் பார்ப்பது போன்ற வேலைகளைச் செய்யாதீர்கள். ஒரு துண்டை அனுப்பிவிட்டு அனலைசர் 15 வினாடிதான் பதிலுக்குக் காத்திருக்கும். டேட்டாபேஸ் மெதுவாகும் நாளில் அந்த நேரம் கடந்துவிடும், அனலைசர் தொடர்பைத் துண்டிக்கும், ரிசல்ட் அரைகுறையாக நிற்கும். பெறும் நிரல் பெற்று வைப்பதோடு நிற்கட்டும். பிரித்துப் படிக்கும் நிரல் தனியாக ஓடட்டும்.

பிரிக்கும் முன் துண்டுகளை ஒட்ட வேண்டும். தொடர்ச்சி இன்னும் உண்டு என்று சொல்லும் `ETB`-யில் முடியும் துண்டு, வரியின் நடுவிலேயே வெட்டுப்பட்டிருக்கலாம். இதைக் கவனிக்காத நிரல் இரண்டு டெஸ்ட் உள்ள சாம்பிளில் நன்றாக ஓடும், இருபது டெஸ்ட் உள்ள சாம்பிளில் கடைசிச் சிலவற்றைத் தொலைக்கும். எனவே சோதனை செய்யும்போது நீளமான பேனல் ஒன்றையும் ஓட்டிப் பாருங்கள்.

## 4. டெஸ்ட் குறியீடும் அலகும்

அனலைசர் `CA` என்று அனுப்புவது உங்கள் மென்பொருளில் எந்த டெஸ்ட் என்று ஒரு டேபிள் வேண்டும். அதில் அலகும் இருக்க வேண்டும். செல் கவுண்டர் பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில் 245 என்று அனுப்பும். நம் ஊர் ரிப்போர்ட்டிலோ 2.45 லட்சம் என்று இருக்கும். பெருக்கலோ வகுத்தலோ எங்கே நடக்கிறது என்று ஒரே இடத்தில் எழுதி வையுங்கள். அனலைசர் அமைப்பில் ஒரு முறை, நம் நிரலில் ஒரு முறை என்று இரண்டு இடத்திலும் மாற்றினால் தவறு நூறு மடங்காகிவிடும்.

வந்த அலகு டேபிளில் உள்ள அலகோடு பொருந்தாவிட்டால், அதை மாற்ற முயலாமல் ஹோல்டில் வைக்கவும். தெரியாத குறியீடு வந்தாலும் அப்படியே. இவற்றைப் பேசாமல் தூக்கிப் போடும் நிரல், ஒரு புது டெஸ்ட் சேர்த்த நாளில் அந்த ரிசல்ட் முழுவதையும் விழுங்கிவிடும்.

மதிப்பை எழுத்தாகவே சேமியுங்கள். `<0.01`, `>1000` போன்றவை எண் புலத்தில் நுழையாது.

## 5. சாம்பிள் எண்ணை ஆர்டரோடு பொருத்துவது

பொருத்தும் விதி ஒன்றுதான்: சாம்பிள் எண் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பெயரை வைத்தோ, ரேக்கில் இருந்த இடத்தை வைத்தோ, "கிட்டத்தட்ட அதே எண்" என்றோ பொருத்தவே கூடாது. ரேக் இடத்தை நம்பும் முறையில் ஒரு டியூப் இடம் மாறினால், அதற்குப் பின்னால் உள்ள எல்லோருடைய ரிசல்ட்டும் பக்கத்து ஆளுக்குப் போகும்.

பொருந்தாதவற்றுக்கு ஒரு தனிப் பட்டியல் வையுங்கள். எண் காலியாக இருப்பது, சரிபார்ப்பு இலக்கம் தவறுவது, அப்படி ஓர் எண்ணே இல்லாதது, டெஸ்ட் ஆர்டரில் இல்லாதது, சாம்பிள் ஏற்கனவே நிராகரிக்கப்பட்டிருப்பது எல்லாம் இங்கே வரும். அனலைசர் சரியாக அளக்கிறதா என்று பார்க்க ஓட்டும் கண்ட்ரோல் சாம்பிள்களின் எண்கள் முன்பே தெரிந்தவை என்பதால் அவற்றை இதற்கு முன்பே பிரித்து, தரக்கட்டுப்பாட்டுப் பதிவுக்கு அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் இந்தப் பட்டியல் கண்ட்ரோலால் நிரம்பி, யாரும் திறந்து பார்க்காத ஒன்றாகிவிடும்.

சில நேரம் ரிசல்ட் முந்திக்கொள்ளும். அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து டியூப் ஓடி வரும், ஆர்டரைப் பிறகுதான் பதிவார்கள். அதனால் ஆர்டர் பதிவாகும் ஒவ்வொரு முறையும் பட்டியலை மீண்டும் பொருத்திப் பார்க்க வேண்டும். மனிதர் கையால் ஒரு ரிசல்ட்டை ஓர் எண்ணோடு இணைக்க நேர்ந்தால், யார் இணைத்தார், ஏன் என்று பதிய வேண்டும். டியூபைக் கையில் எடுத்து லேபிளைப் பார்த்த பிறகே அதைச் செய்ய வேண்டும்.

## 6. ஹோல்டை டியூபின் மேல் போடுங்கள், டெஸ்டின் மேல் அல்ல

பொருந்திய ரிசல்ட் நேராக நோயாளி பதிவுக்குப் போகாது. இடையில் ஒரு டேபிளில் `HELD` என்ற நிலையில் காத்திருக்கும்.

```sql
CREATE TABLE result_hold (
  id         BIGSERIAL PRIMARY KEY,
  raw_id     BIGINT NOT NULL,
  sample_id  VARCHAR(20) NOT NULL,
  analyser   VARCHAR(20) NOT NULL,
  test_code  VARCHAR(20) NOT NULL,
  value_text VARCHAR(40),
  unit       VARCHAR(20),
  run_at     TIMESTAMP NOT NULL,
  status     VARCHAR(10) NOT NULL DEFAULT 'HELD',
  UNIQUE (sample_id, analyser, test_code, run_at)
);
```

அனலைசர் அனுப்பும் `R` வரியில் ஒன்பதாவது புலத்தில் உள்ள `F` பலரையும் ஏமாற்றுகிறது. இறுதி ரிசல்ட் என்று அர்த்தம்தான், ஆனால் அது அனலைசரின் கணக்கில் இறுதி. இயந்திரம் தன் அளவீட்டை முடித்துவிட்டது, அவ்வளவுதான். அந்த `F`-ஐ அப்படியே எடுத்து நோயாளி பதிவில் இறுதி என்று எழுதினால் ஹோல்டு இருந்தும் இல்லாததுபோல ஆகிவிடும். இறுதி என்று சொல்லும் உரிமை லேப்பில் விடுவிப்பவருக்கு மட்டுமே.

கடைசி வரியில் உள்ள `UNIQUE`, அனலைசர் அதே ரிசல்ட்டை இரண்டாம் முறை அனுப்பினால் தடுக்கும். ரீரன் செய்தால் நேரம் வேறாக இருப்பதால் அது தனி வரியாக உள்ளே வரும். ஆனால் சில அனலைசர்கள் அளந்து முடித்த நேரத்துக்குப் பதில் அனுப்பிய நேரத்தைப் போடலாம். உங்களுடையது எது என்று ஒரே ரிசல்ட்டை இரண்டு முறை அனுப்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அனுப்பிய நேரம் என்றால் இந்த விதி பயன்படாது, மதிப்பையும் சேர்த்து ஒப்பிட வேண்டியிருக்கும்.

தொடக்கத்தில் எல்லா ரிசல்ட்டும் ஹோல்டில் நிற்கட்டும், மனிதர் பார்த்து விடுவிக்கட்டும். தானாக விடுவிக்கும் விதிகளைப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். கீழ்க்கண்ட எதுவும் நடந்தால் தானாக விடுவிக்கவே கூடாது: மதிப்பு அபாய எல்லையைத் தாண்டியிருப்பது, அதே நோயாளியின் முந்தைய ரிசல்ட்டிலிருந்து ரிப்போர்ட்டில் கையெழுத்திடுபவர் குறித்த அளவுக்கு மேல் மாறியிருப்பது, அனலைசர் ஏதாவது எச்சரிக்கைக் குறி போட்டிருப்பது, அந்த டெஸ்டின் கண்ட்ரோல் அன்று தவறியிருப்பது.

இதில் ஒரே ஒரு டெஸ்ட் சிக்கினாலும் அந்த டியூபின் எல்லா டெஸ்டும் நிற்க வேண்டும். ஏன் என்பதற்கு மேலே காட்டிய செய்தியே நல்ல உதாரணம்.

## 7. ஒரு டியூபைத் தொடர்ந்து பார்ப்போம்

`2506120472` மஞ்சள் மூடி டியூப். பொட்டாசியம் 7.9, கால்சியம் 5.2, ஏஎல்பி என்ற நொதி 14. சோடியமும் கிரியாட்டினினும் அதே டியூபில் இயல்பாக வந்திருக்கின்றன என்று கொள்வோம். முந்தைய நாள் இதே நோயாளிக்குப் பொட்டாசியம் 4.1, கால்சியம் 9.0, ஏஎல்பி 82.

ஹோல்டு டெஸ்ட் வாரியாக இருந்து, விதி பொட்டாசியத்துக்கு மட்டும் எழுதப்பட்டிருந்தால், பொட்டாசியம் நிற்கும். கால்சியமும் ஏஎல்பியும் வார்டுக்குப் போய்விடும். பொட்டாசியத்தை மட்டும் பார்க்கும் டெக்னீஷியன் ரத்த அணு உடைந்திருக்கும் என்று நினைத்து ரீரன் போடுவார். அதே டியூபை மீண்டும் ஓட்டினால் அதே 7.9 வரும். "இரண்டு முறை வந்துவிட்டது, உண்மைதான்" என்று விடுவித்துவிடுவார்.

டியூப் முழுவதும் ஒரே திரையில் நேற்றைய மதிப்புகளோடு தெரிந்தால் கதை வேறு. அணு உடைந்தால் பொட்டாசியம் ஏறும், ஆனால் கால்சியம் இப்படிப் பாதாளத்துக்கு இறங்காது. அனலைசர் தரும் ஹீமாலிசிஸ் அளவும் இயல்பாக இருக்கிறது. பொட்டாசியம் ஏற்றம், கால்சியம் இறக்கம், ஏஎல்பி இறக்கம் மூன்றும் சேர்ந்தால் அது இடிடிஏ கலப்பின் அடையாளம். ஊதா டியூபில் இருப்பது இடிடிஏவின் பொட்டாசியம் உப்பு. அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது, ஏஎல்பி வேலை செய்யத் தேவையான மெக்னீசியத்தையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொள்கிறது. மஞ்சள் டியூபில் ரத்தம் போதவில்லை என்று ஊதா டியூபிலிருந்து கொஞ்சம் ஊற்றியிருப்பார்கள்.

இங்கே ஹோல்டு என்றால் சும்மா இருப்பது என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. 7.9 உண்மையாக இருந்தால் இதயம் நிற்கக்கூடிய நிலை. எனவே அபாய எல்லையைத் தாண்டி ஹோல்டில் விழுந்த டியூப் பட்டியலின் உச்சியில் வந்து ஒலி எழுப்ப வேண்டும், யாராவது கையில் எடுக்கும்வரை அந்த ஒலி ஓயக்கூடாது. எடுத்தவர் வார்டுக்குப் போன் செய்து, இப்படி ஒரு மதிப்பு வந்திருக்கிறது, கலப்பு என்று சந்தேகிக்கிறோம், புது சாம்பிள் உடனே வேண்டும் என்று சொல்கிறார். அதுவரை நோயாளிக்கு ஈசிஜி பார்ப்பதா என்பது அங்குள்ள டாக்டரின் முடிவு. போன் செய்த நேரமும் வார்டில் பேசியவர் பெயரும் பதிவாகின்றன.

பழைய டியூப் காரணத்தோடு நிராகரிக்கப்படுகிறது. நோயாளி பதிவில் அதன் மதிப்புகள் ஏறாது, "சாம்பிள் ஏற்கத்தக்கதல்ல, மீண்டும் கேட்கப்பட்டது" என்ற குறிப்பு மட்டும் ஏறும். புது டியூபுக்குப் புது எண், `2506121124`. பொட்டாசியம் 4.3 என்று வருகிறது. லேபிளை மீண்டும் அச்சடித்துப் பழைய எண்ணையே ஒட்டியிருந்தால், இரண்டு ரத்தத்தின் ரிசல்ட்டும் ஒரே எண்ணின் கீழ் கலந்திருக்கும்.

## 8. விடுவிப்பது

விடுவிக்கும் திரையில் எளிதில் கண்ணில் படாத ஓர் ஆபத்து இருக்கிறது. விடுவிப்பவர் திரையைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது ரீரன் ரிசல்ட் பின்னால் வந்து சேர்கிறது. அவர் பார்த்தது பழைய மதிப்பு, பொத்தானை அழுத்தியதும் போவது புதியது. இதைத் தடுக்க, டியூபுக்கு ஒரு வரி வீதம் `hold_sample` என்ற டேபிள் வைத்து, அதில் `ver` என்ற பதிப்பு எண் வைத்து, புது வரி வரும்போதெல்லாம் அதை ஒன்று கூட்டுங்கள். விடுவிக்கும்போது திரையில் இருந்த பதிப்பை ஒப்பிடுங்கள்:

```sql
UPDATE hold_sample
   SET status = 'RELEASED', released_by = :user, released_at = now()
 WHERE sample_id = :sid AND status = 'HELD' AND ver = :seen_ver;
```

ஒரு வரியும் மாறவில்லை என்றால், "புது ரிசல்ட் வந்துள்ளது, மீண்டும் பார்க்கவும்" என்று காட்டுங்கள். ஒரே டெஸ்டுக்கு இரண்டு ஓட்டம் இருந்தால் எதை அனுப்புவது என்று மனிதர் தேர்ந்தெடுக்கட்டும். கடைசியாக வந்ததே சரி என்று நிரல் முடிவு செய்ய வேண்டாம். டைல்யூஷன் செய்து ஓட்டியதும் செய்யாததும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

நோயாளி பதிவுக்கு அனுப்புவது பெரும்பாலும், மருத்துவமனை மென்பொருள்கள் தமக்குள் பேசும் நெறிமுறையான எச்எல்7-இன் `ORU^R01` செய்தியாக இருக்கும். இப்போதுதான் `OBX` வரியின் 11-ஆவது புலத்தில் `F` போடுகிறோம். மறுபக்கம் `AA` என்று பதில் சொல்லும்வரை அனுப்பியதாகக் குறிக்காதீர்கள். பதில் வராவிட்டால் அதே செய்தி எண்ணோடு திரும்ப அனுப்புங்கள்.

விடுவித்த பிறகு தவறு தெரிந்தால் பழைய வரியைத் திருத்தவோ அழிக்கவோ கூடாது. `C` என்ற நிலையில் திருத்திய ரிசல்ட்டைப் புதிதாக அனுப்ப வேண்டும். பழைய மதிப்பைப் பார்த்து யாராவது மருந்து மாற்றியிருக்கலாம். எதைப் பார்த்து மாற்றினார்கள் என்பது பதிவில் இருந்தே ஆக வேண்டும்.

## 9. ஓட விடுவதற்கு முன்

கைத் தட்டச்சை உடனே நிறுத்தாமல், இணைப்பும் கையும் சில நாட்கள் ஒன்றாக ஓடட்டும். இரண்டின் மதிப்புகளையும் தினமும் ஒப்பிடுங்கள். வேறுபாடு வந்தால் `raw_message`-இல் உள்ள மூலச் செய்தியைத் திறந்து பாருங்கள். அதைச் சேமித்து வைத்தது இதற்காகவும்தான்.

பிறகு வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். ரன் நடக்கும்போது நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி மறுபடி மாட்டுங்கள். பார்கோடு இல்லாத டியூப் ஒன்றை வையுங்கள். நிராகரித்த சாம்பிளை ஓட்டுங்கள். அனலைசரின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்து ரீரன் போட்டு, ஹோல்டு திரையில் வரிசை எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். நேரம் பின்னால் போனால் புது ஓட்டம் பழையதற்குக் கீழே ஒளிந்துகொள்ளும். செர்வர் கடிகாரத்தோடு அனலைசர் கடிகாரத்தைத் தினமும் காலையில் ஒப்பிடுவதைக் கண்ட்ரோல் ஓட்டும் வேலையோடு சேர்த்துவிடுங்கள்.

செர்வர் நின்றுபோனால் என்ன செய்வது என்பதை இரவு ஷிஃப்ட் டெக்னீஷியனுக்கும் எழுதிக் கொடுங்கள். அப்போது அனலைசரிலிருந்து அச்சடித்த தாளில் ரிசல்ட் போகும், அதிலும் பொறுப்பானவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். செர்வர் திரும்பியதும் தேங்கிய ரிசல்ட் வந்து ஹோல்டில் விழும். அவற்றை மொத்தமாக விடுவிக்கும் பொத்தான் வேண்டும் என்று கேட்பார்கள். கொடுக்க வேண்டாம். தாளில் போனதும் திரையில் வந்ததும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு டியூபாகப் பார்த்தே விடுவிக்க வேண்டும்.